அடிமை வாணிபத்தை ஒழித்தது எங்கள் சபைதான்

சபை வரலாறு சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள், கூடவே என் அனுதாபமும். பாடத்திட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கரையான் விட்டுவைத்திருந்தால் அது உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். சபைப் பெரியவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே பாடம் நடத்தாதீர்கள். தெரியாத்தனமாக நடத்திவிட்டால் கடைசிவரை நடத்துங்கள், பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். நான் நடத்தினேன், அதனால்தான் சொல்கிறேன்.

2007இல் நடந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வாணிபத்தைத் தடைசெய்து இருநூறு வருஷம் ஆகிறது, யாங்கூன் தமிழ்ச் சபைகள் சேர்ந்து ஒரு விழா எடுப்போம் என்று முடிவானது. நம் வேதாகமப் பள்ளியை நடத்துவது மூன்று சபைகள் என்பது உங்களுக்குத் தெரியும். பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட். என் சம்பளத்தை மூன்று சபையும் பங்குபோட்டுக் கொடுத்தன. அதனால் என்னை அதட்டும் உரிமையும் மூன்று பங்காக இருந்தது. டீச்சர்தானே, சயாமா எழுதட்டும் என்று விழாவுக்கு உரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் பாப்டிஸ்ட் சபை மூப்பர் ஊ சாமுவேல். லத்தா தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம், கடைக்கு மேல் மாடியில் வீடு. ஆங்கிலிக்கன் சபைக்கு மிஸ்டர் தாமஸ். அவரை யாராவது பர்மிய வழக்கப்படி 'ஊ தாமஸ்' என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும், மிஸ்டர்தான் வேண்டும். மெதடிஸ்ட் சபைக்குத் தோ கிரேஸ். பாட்டுக் குழுவை நடத்துகிற அம்மா, சும்மா இருக்கத் தெரியாதவர். கூட்டம் எப்போதும் ஊ சாமுவேல் வீட்டில்தான், ஏனென்றால் அங்கேதான் டீ நன்றாக இருக்கும்.

முதல் கூட்டத்திலேயே சண்டை. அடிமை வாணிபத்தை ஒழித்த பெருமை யாருக்கு?

"எழுதிக்கங்க சயாமா," என்றார் மிஸ்டர் தாமஸ். "பாராளுமன்றத்துல வருஷக்கணக்கா நின்னு பேசினவர் எங்க சபை ஆளு."

"எங்க சபையை ஆரம்பிச்சவரே அடிமைத்தனத்தை எதிர்த்துப் புத்தகம் போட்டிருக்காரு," என்றார் தோ கிரேஸ்.

"ஜமைக்காவுல தோட்ட முதலாளிங்ககிட்ட அடிவாங்கினது யாரு? எங்க பாப்டிஸ்ட் மிஷனரிங்க," என்றார் ஊ சாமுவேல்.

மூன்றுமே உண்மை. உண்மையில் பாதியை மட்டும் எடுத்துக் கும்பிடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. நான் மீதிப் பாதியைச் சொன்னேன்.

லண்டனில் ஒழிப்புக் கமிட்டியை ஆரம்பித்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் குவேக்கர்கள். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்கள். பாதிரியார் கிடையாது, பலிபீடம் கிடையாது, சத்தியப்பிரமாணம் எடுக்கமாட்டார்கள். அதனாலேயே அவர்கள் பாராளுமன்றத்தில் உட்கார முடியாது. உள்ளே போய்ப் பேச ஆங்கிலிக்கன் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. அப்படித்தான் உங்கள் ஆள் வந்தார், மிஸ்டர் தாமஸ். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியதும், கப்பலுக்குள் மனிதர்களை மீன் அடுக்குவதுபோல் அடுக்கியிருந்த படத்தை அச்சடித்து ஒட்டியதும், அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாமென்று பெண்கள் வெறும் டீ குடித்ததும் வெளியே நடந்த வேலை. குவேக்கர், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் என்று சின்னச் சபைக்காரர்கள் அதில் நிறைய.

மிஸ்டர் தாமஸ் அத்தோடு விட்டிருக்கலாம். "ஆனாலும் எங்க சபை கை சுத்தம்," என்றார்.

"சுத்தமா?" என்றேன். "உங்க மிஷனரிச் சங்கம் ஒண்ணு பார்படோஸ்ல கரும்புத் தோட்டமே வச்சிருந்துச்சு. அடிமைங்க நெஞ்சுல சங்கத்துப் பேரைப் பழுக்கக் காய்ச்சின இரும்பால சுட்டாங்க. சட்டம் வந்த அதே வருஷம் லண்டன்ல அடிமைகளுக்குன்னே ஒரு பைபிள் அச்சடிச்சாங்க. மோசே ஜனங்களை எகிப்துலேருந்து கூட்டிக்கிட்டுப் போற கதையை அதுல காணோம். 'எஜமானுக்குக் கீழ்ப்படி' மட்டும் பத்திரமா இருந்துச்சு."

ஊ சாமுவேலுக்கு வாயெல்லாம் பல். தோ கிரேஸ் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் ஒன்று வைத்திருந்தேன். அமெரிக்க மெதடிஸ்டுகள் முதலில் அடிமை வைத்திருப்பவனுக்குச் சபையில் இடமில்லை என்று விதி போட்டார்கள். பணக்கார அங்கத்தினர்கள் முகம் சுளித்ததும் விதியைத் தளர்த்தினார்கள். கடைசியில் அடிமைகள் வைத்திருந்த ஒரு பிஷப்பைச் சொல்லிச் சபையே இரண்டாகப் பிளந்தது. பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

குவேக்கர்களையும் நான் விட்டுவைக்கவில்லை. பென்சில்வேனியாவில் நான்கே பேர், மனிதரை விலைக்கு வாங்குவது திருட்டுக்குச் சமம் என்று எழுதித் தங்கள் சபைக்குக் கொடுத்தார்கள். சபை அதை மேல்சபைக்கு அனுப்பியது. மேல்சபை அதற்கும் மேலே அனுப்பியது. 'இது மிகவும் கனமான விஷயம்' என்று அங்கே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். நம் அலுவலகங்களுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா, அந்த அனுபவம்தான். அடிமை வைத்திருப்பவனை வெளியேற்றும் முடிவுக்கு வர அவர்களுக்கு எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் கூன்விழுந்த ஒருவர், புத்தகத்துக்குள் சிவப்புப் பழச்சாற்றுப் பையை ஒளித்து வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். எல்லார் முன்னாலும் அதைக் கத்தியால் குத்தி, அடிமை வைத்திருந்தவர்கள் மேல் ரத்தம்போலத் தெளித்தார். அவரைத்தான் வெளியே தள்ளினார்கள்.

இன்னொருவர் தையற்காரர், அதிர்ந்து பேசாதவர். அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்கே போய் உட்காருவார். கூச்சல் கிடையாது, பெரும்பாலும் மௌனம். கிளம்பும்போது, தனக்குச் சமைத்துப் பரிமாறிய அடிமைகளுக்கென்று காசு கொடுத்துவிட்டுத்தான் வருவார். வீட்டுக்காரருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும், ஆனால் அவரை வெளியே போகச் சொல்லவும் முடியாது.

இதை நான் சொல்லும்போது டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் எஸ்தர்.

எஸ்தரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆற்றுக்கு அக்கரை டாலாக்காரி, தமிழ்ப் பெண். தாய் தகப்பன் செத்தபிறகு, படிக்கவைக்கிறோம் என்று ஊ சாமுவேல் குடும்பம் சின்ன வயதிலேயே கூட்டிவந்தது. 'வளர்ப்புப் பிள்ளை' என்பார்கள். நம் யாங்கூனில் நாலு வீட்டுக்கு ஒரு வளர்ப்புப் பிள்ளை இருக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. ஊ சாமுவேலின் சொந்த மகள் சிங்கப்பூரில் படித்தாள். எஸ்தர் நாலாம் வகுப்புக்கு மேல் அடுப்பங்கரையில் படித்தாள். அப்பா, அம்மா என்றுதான் அவர்களைக் கூப்பிடவேண்டும். சம்பளம் கிடையாது, பிள்ளைக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? அப்போது அவளுக்கு இருபதைத் தாண்டியிருந்தது.

கூட்டம் முடிந்து நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள், கையில் குப்பை வாளி.

"சயாமா, அந்தத் தையக்காரர் குடுத்த காசை அவங்க வாங்கிக்கிட்டாங்களா?"

பள்ளியில் ஒருவனும் கேட்காத கேள்வி. சிலர் வாங்கியிருப்பார்கள் என்றேன்.

"எனக்குக் காசு வேணாம். என் கார்டு வேணும். அக்கா டாலாவுல மொஹிங்கா கடை போட்டிருக்கு, கூட வந்து இருன்னு கூப்பிடுது. கார்டு இல்லாம போனா வார்டு ஆபீஸ்ல ராத்தங்க பேரே எழுதிக்கமாட்டாங்க. அப்பா அலமாரியில வச்சுப் பூட்டியிருக்காங்க. ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். விழா முடியட்டும்ங்கிறாங்க. போன வாட்டி கிறிஸ்மஸ் முடியட்டும்னாங்க."

அடையாளக் கார்டு இல்லாத ஆள் அந்தக் காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால், இரவு கதவைத் தட்டி ஆள் எண்ண வரும்போது கொல்லைப்புறம் ஓடவேண்டும். அவளைக் கட்டிவைக்கச் சங்கிலி தேவைப்படவில்லை. இத்தனை நாள் அந்த வீட்டில் அவள் போட்ட டீயைத்தான் குடித்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். என் முன்னால் மூன்று வழி இருந்தது. வார்டு ஆபீசில் போய்ச் சொல்லலாம். விழாவுக்கு அனுமதி கேட்கப் போனபோது அங்கிருந்த அதிகாரி, "அடிமைன்னா யாரு? இங்கே யாராவது இருக்காங்களா?" என்று கேட்டு, "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல" என்று ஊ சாமுவேல் சொன்னதும் முத்திரை குத்தியவர். கட்டாய வேலைக்கு ஆள் பிடிப்பதற்குத் 'தொண்டு' என்று பெயர் வைத்த அரசாங்கத்தின் ஆள். அவரிடம் போனால் எஸ்தர் தலையில்தான் விடியும். இரண்டாவது, கூன்விழுந்தவர் வழி. விழா மேடையில் ஏறி ஊ சாமுவேல் மானத்தை வாங்கலாம். என் குணத்துக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் நான் வீட்டுக்குப் போவேன், அவள் அதே அடுப்பங்கரைக்குப் போகவேண்டும். ஆகவே அவளையே கேட்டேன். "எனக்குச் சண்டை வேணாம் சயாமா, அம்மா பாவம்," என்றாள். மீதி இருந்தது தையற்காரர் வழி.

"உன் பேரைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாமா?"

"நான் அங்கேயே நிக்கிறேன். ஆரம்பிங்க."

அடுத்த கூட்டத்தில் டீ வந்தது. குடித்து முடித்தேன், நன்றாகவே இருந்தது. எஸ்தர் கப்பை எடுக்க வந்தபோது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எல்லார் முன்னாலும் அவளிடம் நீட்டினேன்.

ஊ சாமுவேல் சிரித்தார். "என்ன சயாமா, எங்க வீடு டீக்கடையா?"

"டீ உங்களுது. அதுக்கு நன்றி. இது டீ போட்ட கைக்கு."

சிரிப்பு நின்றுபோனது. ஊ சாமுவேல் முட்டாளில்லை. போன கூட்டத்துப் பாடம் அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது.

"அவ எங்க பொண்ணு," என்றார். "சோறு, துணி, மருந்து, எல்லாம் குடுத்தோம். ஞானஸ்நானம் எடுக்க வச்சோம். தெருவுல கிடக்க வேண்டியவ."

"இதையேதான் தோட்ட முதலாளிங்களும் சொன்னாங்க. நாங்க இல்லாட்டி அவங்க அஞ்ஞானிகளா இருந்திருப்பாங்கன்னு. அடிமை ஞானஸ்நானம் எடுத்தா விடுதலையாயிடுவானோன்னு பயம் வேற. வர்ஜீனியாவுல சட்டமே போட்டாங்க, ஞானஸ்நானம் எடுத்தாலும் அடிமை அடிமைதான்னு."

"பைபிள் தெரியாத மாதிரி பேசாதீங்க. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பவுலே பிலேமோன்கிட்டத் திருப்பி அனுப்பலையா?"

நான் காத்திருந்தது இதற்குத்தான். அடிமைத்தனத்துக்கு வக்காலத்து வாங்கியவர்களின் பையில் இருந்த சாமான்கள் ரொம்பக் கொஞ்சம். ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள் என்பார்கள். நோவா சபித்தார் என்பார்கள். நோவா சபித்தது தன் பேரன் கானானை, இவர்கள் அதை ஆப்பிரிக்கா முழுக்க இழுத்துப் பூசினார்கள். அப்புறம் இந்த ஒநேசிமு. திருப்பி அனுப்பிய பவுல், 'இனி இவன் அடிமையல்ல, சகோதரன்' என்று கூடவே எழுதியதை யாரும் வாசிக்கமாட்டார்கள். ஓடிவந்த அடிமையை எஜமான் கையில் ஒப்படைக்காதே என்று உபாகமம் சொல்வதும் யார் கண்ணிலும் படாது.

"ஊ சாமுவேல், நம்ம பர்மாவுக்கு மிஷனரி அனுப்பின அமெரிக்க பாப்டிஸ்ட் சங்கத்துக்கு முதல் தலைவரா இருந்தவர் யாருன்னு தெரியுமா? தென் கரோலினாவுல ஒரு போதகர். நல்ல பிரசங்கி. அடிமை வச்சுக்கறது வேதத்துக்குச் சம்மதம்னு கவர்னருக்கே எழுதினவர். இங்கே வந்த காணிக்கையில பருத்தித் தோட்டத்துக் காசும் உண்டு. அப்புறம் ஒருநாள், அடிமை வச்சிருக்கிறவனை மிஷனரியா அனுப்பலாமான்னு கேள்வி வந்துச்சு. வடக்கே கூடாதுன்னாங்க. தெற்கே கோவிச்சுக்கிட்டுத் தனிச்சபை ஆரம்பிச்சாங்க. ஜமைக்காவுல அடிவாங்கினதும் பாப்டிஸ்ட்தான், அங்கே கிறிஸ்மஸ் சமயத்துல வேலைநிறுத்தம் நடத்தித் தூக்குல தொங்கின கறுப்பு டீக்கனும் பாப்டிஸ்ட்தான். தென் கரோலினாவும் பாப்டிஸ்ட்தான். இன்னிக்கு நீங்க எந்த பாப்டிஸ்ட்?"

"அப்படிப் போடுங்க," என்றார் மிஸ்டர் தாமஸ்.

"நீங்க சும்மா இருங்க. அந்த வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் கோயில்களைக் கொளுத்த ஒரு கூட்டம் சேர்ந்துச்சே, அதைத் தூண்டிவிட்டவர் உங்க சபைப் பாதிரியார்."

சொல்லி முடித்தபோதுதான் ஊ சாமுவேல் முகத்தைப் பார்த்தேன். கருங்கல். வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன், அலமாரி பூட்டியே இருந்தது. இனி ஒரு வார்த்தை பேசினாலும் அவர் எழுந்து போய்விடுவார், விழாவும் போகும், என் வேலையும் போகும், கார்டு வெளியே வரவே வராது. சரக்கு இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டே போகக்கூடாது பிள்ளைகளே.

"குவேக்கருங்க வழி ஒண்ணு இருக்கு," என்றேன். "ஓட்டு எடுக்கமாட்டாங்க. எல்லாருக்கும் ஒரே மனசு வர்றவரைக்கும் பேசாம உட்கார்ந்திருப்பாங்க. நாமளும் உட்காரலாம். எஸ்தரோட கார்டு விஷயமா."

அப்படி அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மூன்றும் வாயைத் திறக்காமல் ஒரு அறையில் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தோ கிரேஸ் தொண்டையைச் செருமினார். மிஸ்டர் தாமஸ் கூரையைப் பார்த்தார். வழக்கம்போல் கரண்டு போனது, விசிறி நின்றது. கீழே லத்தா தெருவில் பழக்காரி கூவுவது கேட்டது. எல்லாருக்கும் கழுத்தில் வேர்வை வழிந்தது. எழுந்து போனால் தோற்றதாகிவிடும் என்று யாரும் எழவில்லை. எஸ்தர் ட்ரேயோடு கதவோரம் நின்றாள், சொன்னபடியே.

முதலில் உடைந்தது தோ கிரேஸ். கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து ட்ரேயில் வைத்தார். மிஸ்டர் தாமஸ் அதைப் பார்த்தார், அவரும் சட்டைப் பையைத் தடவி ஒன்றை வைத்தார். அவர் செய்ததில் போட்டிதான் பாதி, இருந்தாலும் வைத்தார்.

எஸ்தர் ட்ரேயை மேசைமேல் இறக்கினாள்.

"காசு வேணாங்க. அப்பா, என் கார்டைக் குடுங்க. நான் டாலாவுக்குப் போறேன்."

சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரல்தான்.

ஊ சாமுவேல் அசையவில்லை. அசைந்தது அவர் மனைவி தோ லீலா. அதுவரை உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது, அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து கார்டை எஸ்தர் கையில் வைத்தார்.

"லீலா," என்றார் ஊ சாமுவேல்.

"நாளைக்கு டீ யாரு போடுவாங்கிறதுதானே உங்க கவலை? எனக்கும் அதுதான் கவலை, அதனாலதான் இத்தனை வருஷம் பேசாம இருந்தேன். நான் போடுறேன். நல்லா இருக்காது, குடிங்க."

எஸ்தர் அன்றைக்கே கிளம்பிவிட்டாள். துணிப் பை ஒன்றுதான். தோ லீலா படிவரை வந்து அவள் தலையைத் தடவினார், இரண்டு பேரும் அழுதார்கள். நான் படியைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். துறையில் அவளைப் படகேற்றிவிட்டு வந்தேன்.

விழா நடந்தது. என் உரையில் மூன்று சபைகளும் இரண்டு பக்கத்திலும் நின்றதாக எழுதியிருந்தேன். மேடையேறிய ஊ சாமுவேல் அதைப் பாதி வாசித்தார். எந்தப் பாதி என்று நான் சொல்லவேண்டியதில்லை. பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வெறும் சரித்திரம் இல்லை," என்றார். "எங்க வீட்டுலயே ஒரு பெண்பிள்ளை இருந்தா. விழாவோட சிந்தனை எனக்குள்ள வேலை செஞ்சுது. நானே அவளைக் கூப்பிட்டு, மகளே, நீ சுதந்திரமாப் போன்னு கார்டை எடுத்துக் கையில குடுத்து அனுப்பிவச்சேன்."

கூட்டம் கைதட்டியது. மிஸ்டர் தாமஸ் தட்டினார், தோ கிரேஸ் தட்டினார். கூன்விழுந்தவருடைய பழச்சாற்றுப் பை மட்டும் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் முன்வரிசையே சிவந்திருக்கும். இருநூறு வருஷக் கதையை ஒரே நிமிஷத்தில் நடத்திக் காட்டிவிட்டாரே மனுஷன். ஒழித்தது நாங்கள், கொடுத்தது நாங்கள். கேட்டவள் பெயர்கூடக் கிடையாது.

எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்து ஒரு கை என் முழங்கையைப் பிடித்து இழுத்தது. எஸ்தர்தான். காலைப் படகில் அக்காவோடு வந்திருந்தாள், புது லொன்ஜி உடுத்தியிருந்தாள், கையெல்லாம் மொஹிங்காவின் மீன்குழம்பு மணம்.

"பேசட்டும் விடுங்க சயாமா," என்றாள். "கார்டு எங்கிட்ட இருக்கு."